மாமன் காலுக்கு இரண்டு பட்டை

அன்று சாயங்காலம் மதாரின் செருப்புக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: கடைக்காரர் மதார், அவர் மகள் ஹாஃபிஸா, என் மனைவி அமுதவள்ளி, என் தம்பி வேல்ராஜ், ராமசுப்பிரமணியனாகிய நான். பெயர்களை எழுதி வைக்கக் காரணம் உண்டு. பிற்பாடு இந்த விஷயத்துக்கு, அங்கே இல்லாத நாற்பது பேர் சாட்சி சொன்னார்கள்.

மறுநாள் காலை கமுதியில் என் தங்கை சேதுலட்சுமியின் மகள் ஜெயப்பிரியாவுக்குக் கல்யாணம். பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை தாய்மாமன் சீர் போகும். முதல் தட்டு மூத்த மாமனாகிய என் கையில். எங்கள் அய்யாவும் அவருடைய அய்யாவும் தோல் செருப்பு கிறீச்சிட முன்னால் நடந்தவர்கள். மண்டபத்து வாசலில்தான் கழற்றுவார்கள். நான் நடக்க முடியாவிட்டால் முதல் தட்டு வேல்ராஜ் கைக்குப் போகும். தன் கல்யாணத்துக்கே முகூர்த்தம் முடிந்து வந்து சேர்ந்தவன் அவன்.

எனக்கு இதயம் பலவீனம். கால் வீங்குகிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி சாவகாசமாக மேலே வரும். தோல் செருப்பு பெருவிரலோடு நின்றுவிட்டது. வெறுங்காலில் போகலாமென்றால், வைகாசித் தார் ரோட்டில் வீங்கிய காலின் மெல்லிய தோல் கிழிந்தால் லேசில் ஆறாது என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

ஆகவே முந்தின வாரம் புதன்கிழமை, நல்ல நேரம் பார்த்து, காலை ஒன்பதேகாலுக்கு ராமநாதபுரம் வந்து மதார் கடை ஏறினேன். எங்கள் குடும்பத்தில் எதையும் காலையில் நல்ல நேரத்தில்தான் வாங்குவோம். ஹாஃபிஸா சொன்னாள், "அய்யா, சாயங்காலம் வாங்க. ராத்திரி பூரா படுத்து எந்திரிச்ச கால் வத்தியிருக்கும். இப்ப அளவெடுத்தா பொய்யளவு."

என் காலைப் பொய்யென்று சொன்ன முதல் பெண் அவள்தான். வெல்க்ரோ பட்டை வைத்த ஒன்றைக் காட்டினாள். பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள் குழந்தைகள் போடுவது போல இருந்தது. வேண்டாமென்று, பட்டையில்லாத கறுப்பு ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டேன். காலையில் கச்சிதமாகப் போனது. சாயங்காலம் வீட்டில் போட்டுப் பார்த்தபோது பாதி வழியில் நின்றுவிட்டது. அமுதவள்ளி பவுடர் கொட்டினாள். வேல்ராஜ் குதிகாலைப் பிடித்துத் தள்ளினான்.

"அண்ணே, சாக்குல பூசணிக்காய ஏத்துற மாதிரி இருக்கு."

"ஏலே, வாய மூடிட்டுத் தள்ளு."

போகவில்லை. கௌரவத்தை விட்டு மறுபடி கடைக்குப் போக எனக்கு ஆறு நாள் ஆயிற்று. அப்படித்தான் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தோம்.

ஹாஃபிஸா காலைப் பார்த்த உடனே டேப்பைக் கீழே வைத்துவிட்டாள். "அய்யா, போன வாரத்தவிட இது ரொம்பக் கூட. தண்ணி போற மாத்திரை சாப்பிட்டீங்களா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"ரெண்டு நாளா போடல," என்றாள் அமுதவள்ளி. "பஸ்ல வரணும், கல்யாண வீட்டுல அடிக்கடி எந்திரிச்சுப் போனா மருவாதியில்லன்னு நிறுத்திட்டாரு."

"அப்ப மொதல்ல டாக்டரு. செருப்பு எங்கயும் ஓடாது," என்றாள் ஹாஃபிஸா.

எதிர்வரிசையில் இருந்த டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போனார்கள். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், எடை பார்த்தார், படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று கேட்டார். முட்டவில்லை. இரண்டு நாளில் ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. அது சதையில்லை, தண்ணீர் என்றார். தன்னைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினால் அடுத்த சீர் ஆஸ்பத்திரிக்குத்தான் வரும் என்றார். மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தார். அவருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். விழுங்கிவிட்டுத் திரும்பி வந்தேன். செருப்பு வாங்கி முடிப்பதற்குள் இரண்டு கடைகளில் கழிவறை கேட்க வேண்டியதாயிற்று.

"ரெண்டு நம்பர் பெருசாக் குடும்மா, முடிஞ்சு போச்சு," என்றேன்.

"நீளம் கூடுனா குதிகால் வழுக்கும். தட்டோட குப்புற விழுவீங்க. உங்க கால் நீளல அய்யா, உப்பியிருக்கு."

நிற்க வைத்து, புறங்காலைச் சுற்றியும் விரல்களின் அடிவாரத்தைச் சுற்றியும் டேப் போட்டாள். இரண்டு காலுக்கும் அளவு வேறு வேறு. பிறகு அதே வெல்க்ரோ சாமானைக் கொண்டுவந்தாள். மேல்பக்கம் இழுத்தால் நீளும் துணி. உள்ளே உறுத்துகிற தையல் இல்லை. விரல்களுக்கு மேலே தாராளமான இடம். பட்டையைப் பிரித்தால் நுனி வரை புத்தகம் போலத் திறந்தது. காலைத் திணிக்க வேண்டியதில்லை; இறக்கி வைத்தால் போதும். வலது காலுக்குப் பட்டை எட்டவில்லை. ஒட்டுத்துண்டு ஒன்றைச் சேர்த்து நீட்டினாள்.

"பட்டைக்குக் கீழ ஒரு வெரல் போகணும். நிக்க நிக்க வீங்கும், அப்பப்பத் தளத்தி விடணும். வத்துனா இறுக்கிக்கலாம். தடம் பதியிற வரைக்கும் விட்டுறாதீங்க."

"அப்பப்ப யாரு குனியிறது?" என்று கேட்டேன். எனக்குக் குனிந்தால் மூச்சு வாங்கும்.

எல்லாரும் வேல்ராஜைப் பார்த்தார்கள்.

"முத தட்டு கேட்டேன்," என்றான் அவன். "செருப்புதேன் கெடச்சிருக்கு."

மதார் சிரிப்பை அடக்க, காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை மாத்திரையை விழுங்கி, போக வேண்டிய இடத்துக்கு நாலு தடவை போய்விட்டு, வேட்டி விளிம்பு ஷூவை மறைக்கும்படி இறக்கிக் கட்டிக்கொண்டு கோவிலுக்கு வந்தேன். நல்ல நேரத்துக்காக அங்கே முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு தட்டு கைக்கு வந்தது. மேளம் முழங்கியது. நடந்தேன். கிறீச்சென்ற சத்தம் இல்லைதான். பூனை நடப்பது போல நடந்தேன். ஆனால் முன்னால் நடந்தேன்.

மண்டபத்துக்கு இருபது அடி இருக்கும்போது வலது பட்டை புறங்காலை நெரிக்கத் தொடங்கியது. இன்னும் இருபது அடிதானே என்று நினைத்தேன். தடம் பதியிற வரைக்கும் விட்டுறாதீங்க என்று அந்தப் பெண் சொன்னதையும் நினைத்தேன். நடுத்தெருவில் நின்றேன்.

"வேலு," என்றேன் உதடு அசையாமல். "வலது."

வேல்ராஜ் தன் தட்டை அமுதவள்ளி கையில் கொடுத்துவிட்டு என் காலடியில் மண்டியிட்டான். மேளம் நின்றுபோயிற்று. தாய்மாமன் அசையாமல் நிற்கிறார், தம்பி காலில் விழுந்து கிடக்கிறார் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேல்சாமி வாசலிலிருந்து ஓடிவந்தார். கையில் சால்வை. பின்னால் சந்தனக் கிண்ணத்தோடு இரண்டு பேர்.

"மச்சான், எங்க பக்கம் என்ன கொறயிருந்தாலும் மனசுல வச்சுக்கிறாதீங்க. எதுக்க வந்து கூப்புடாதது தப்புதேன்."

கீழேயிருந்து சர்ரென்று வெல்க்ரோ பிரியும் சத்தம் கேட்டது. கால் பெருமூச்சு விட்டது.

"இப்ப எப்பிடிண்ணே, சரியா இருக்கா?" என்று கேட்டான் வேல்ராஜ்.

"இப்பச் சரிதான்," என்றேன்.

வேல்சாமி அது தனக்குச் சொன்ன பதில் என்று நினைத்துக் கண் கலங்கி, சால்வையைப் போர்த்தினார். மரியாதையாக வந்ததைத் தள்ளும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. இருபது அடியும் நடந்து, வாசலில் அந்த இரண்டையும் கழற்றிவிட்டு, சீரை ஜெயப்பிரியா முன்னால் நானே வைத்தேன்.

ராமசுப்பிரமணியன் மரியாதை போதவில்லை என்று சீரோடு நடுத்தெருவில் கோபித்துக்கொண்டு நின்றார், சால்வை போட்ட பிறகுதான் நகர்ந்தார் என்று கமுதியிலிருந்து எங்கள் ஊர் திருப்புல்லாணி வரை பேசிக்கொள்கிறார்கள். கோபிக்கவில்லை. பட்டை இறுகியது. தளர்த்தினோம்.