மதகில் முளைத்த மீசை

சூரியபிரகாஷ் பேசிய முதல் பேச்சிலேயே தேவயானிக்கு அவன்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

"கேசட்டுதான் நம்ம கையில இருக்கே, அப்புறம் யார்கிட்ட என்ன அனுமதி?" என்றான். ஆவணப்பட இயக்குநர் பேசுகிற பேச்சா இது? வீட்டுச் சாவி கையில் கிடைத்தால் வீடே தன்னுடையது என்பான் போல.

படத்துக்குப் பணம் போட்டவர் உத்தமபாளையம் திராட்சை வியாபாரி சுந்தரலிங்கம். முப்பது வருடத்துக்கு முன்னால், கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராத ஒரு கோடையில், அனுமந்தன்பட்டி ஜனங்கள் வாய்க்கால் மதகை மறித்து உட்கார்ந்தார்கள். அன்று மதகின் ஷட்டரைத் திருகித் திறந்தவர் தன் அப்பா அழகுமலை என்று சுந்தரலிங்கம் ஊரெல்லாம் சொல்லி வந்தார். அவர் வீட்டில் கிடந்த கேசட் நகலுக்கும் நகல். அதில் வெயிலுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தேனியில் எடிட்டிங் ஸ்டுடியோ வைத்திருந்த தேவயானிதான் அசலைத் தேடி தேவாரத்துக்குப் போனாள். அன்று படம் பிடித்த வீடியோக்காரர் கருத்தக்கண்ணன் அங்கேதான் இருந்தார்.

"யாரும் என்னைக் கூப்பிடல, துட்டும் குடுக்கல. நானா கேமராவத் தூக்கிட்டுப் போனேன்" என்றார்.

"அப்ப உரிமை உங்களோடதுதாண்ணே. நீங்க எழுதிக் குடுத்தாத்தான் படத்துல சேக்க முடியும்."

"முழுப் படத்தையும் பாத்துட்டுத்தான் கையெழுத்து. கேசட்ட இப்பவே கொண்டு போ."

"ஷட்டரத் திறக்கிறது யாருண்ணே?"

"எதிர்க்கரையில இருந்து எடுத்தது, நெனப்பில்ல. பஞ்சம்மாவக் கேட்டாத் தெரியும். அவுகளும் அங்கன இருந்தாக."

அசல் கேசட்டில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நாடாவைத் துடைத்து, நல்ல வீடியோ டெக்கில் ஓட்டி, படம் நடுங்காமல் நிறுத்தும் கருவி வழியாகக் கணினிக்கு ஏற்றினாள். ஓரங்களை வெட்டவில்லை, இன்றைய அகலத் திரைக்காகப் படத்தை இழுக்கவுமில்லை. பின்னணியில் மைக் செட்டில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. அதற்கு இசைக் கம்பெனியிடம் தனி அனுமதி வேண்டும் என்பதால், அந்த இடத்தில் ஒலியை எடுத்துவிட்டு வாய்க்கால் சத்தத்தைப் புதிதாகப் பதிந்து சேர்த்தாள். தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. ஷட்டர் சக்கரத்தின் பின்னால் தலைப்பாகையும் ஆண்பிள்ளைச் சட்டையும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு திட்டு. நாடாவில் பதியாததை யார் கொண்டு வர முடியும்?

சூரியபிரகாஷ் கொண்டு வந்தான். அந்த வீடியோ ஃபைலை வாங்கிப் போய் ஏதோ ஏஐ மென்பொருளில் போட்டு, இரண்டே நாளில் முகத்தோடு திரும்பி வந்தான். கண், மூக்கு, முறுக்கிய மீசை.

"இது கேசட்டுல இல்லாத முகம். மெஷின் குத்துமதிப்பா வரைஞ்சிருக்கு" என்றாள் தேவயானி.

"சுந்தரலிங்கம் அய்யா பாத்துட்டு, அப்பாவேதான்னு அழுதுட்டாரு!"

அவர் அழுததும் இவனுக்கு அது சரித்திரமாகிவிட்டது. அதோடு விட்டானா? ஒரு நடிகனுக்கு அதே மீசையை ஒட்டி மதகில் உட்கார வைத்து எடுத்தான். எடுத்ததைப் பழைய வீடியோ கேசட்டில் பதிந்து, திரும்பக் கணினிக்கு ஏற்றினான். அதே மங்கல், அதே கோடுகள். ஒட்டே தெரியாமல் அசலோடு இழைந்தது. வேலை சுத்தம், புத்திதான் அழுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

"'நடித்துக் காட்டியது'ன்னு எழுத்துப் போடுங்க."

"போட்டா எஃபெக்டே போயிரும் மேடம்."

இனி இவனிடம் வாயைக் கொடுப்பது வீண். கருத்தக்கண்ணனுக்குப் போன் போட்டு, முழுப் படத்தைப் பார்க்க வரும்போது பஞ்சம்மாளையும் கூட்டிவரச் சொன்னாள்.

சுந்தரலிங்கத்தின் குடோனில் திரை கட்டிப் படம் ஓட்டினார்கள். ஷட்டர் காட்சியில் மீசை பெரிதாக வந்ததும் சுந்தரலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் பஞ்சம்மாள் எழுந்தாள்.

"ஏலே, எனக்கு எப்படா மீச முளைச்சுச்சு?"

குடோன் அதிர்ந்து சிரித்தது.

"அது எங்க வீட்டு ஆளு சட்ட. வெயிலுக்குத் துண்டக் கட்டிக்கிட்டு நாந்தேன் உக்காந்து திருகினேன். ஒங்க அப்பாரு அன்னிக்கி கம்பம் சந்தைக்கு மாடு வாங்கப் போயிட்டாக. வேணுமின்னா ராக்கப்பனக் கேளு, அவந்தேன் கூடப் போனவன்."

சூரியபிரகாஷ் அப்போதும் விடவில்லை. "கலை ரீதியா பாத்தா…" என்று ஆரம்பித்தான்.

"கலையெல்லாம் இருக்கட்டும் தம்பி. எம் படத்துல இல்லாத மூஞ்சியப் போட்டா ஒரு பிரேமும் தர மாட்டேன். நான் எடுத்தபடி அந்தத் திட்டோட காட்டு, நடிச்சதுக்கு எழுத்துப் போடு. கையெழுத்துப் போடுறேன்" என்றார் கருத்தக்கண்ணன்.

அப்பா இல்லாத படம் எதற்கு என்று சுந்தரலிங்கம் அதற்கு மறுத்துவிட்டார்; கையெழுத்தும் கிடைக்கவில்லை. தேவயானி படத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, அசலைப் பத்திரமாகக் கருத்தக்கண்ணனிடம் கொடுத்தாள். ஒரு பிரதியைப் பஞ்சம்மாளின் மகள் ஞானசெல்வி பென் டிரைவில் வாங்கிப் போனாள்.

சூரியபிரகாஷ் அப்படியும் அந்தப் படத்தை வெளியிட்டான். பழைய காட்சிக்கு உரிமை இல்லை, நடிகனை வைத்து எடுத்தது மட்டும் மிச்சம். எதோடு பொருத்த அவ்வளவு பாடுபட்டு மங்க வைத்தானோ அது இல்லாமல், பளிச்சென்ற படத்தின் நடுவே மீசைக்காரன் மட்டும் புகை மூட்டத்தில் உட்கார்ந்திருந்தான். தேனியில் திரையிட்டபோது, புரொஜக்டர் லென்ஸைத் துடைக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். ஆபரேட்டரும் எழுந்து போய்த் துடைத்தார்.