மூன்று புள்ளிக்கு அடியில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெக்கை தகரக் கூரைக்குள் அடைந்து நின்றது. வேல்விழி கட்டில்மேல் லேப்டாப்பை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள், பாவம். கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிப்பதும் அதனால் வரும் உடல்கேடும்தான் அவளது ஆய்வு. ஆய்வேட்டைத் திருத்தி முடிக்கப் பன்னிரண்டே நாள். இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது.

வழிகாட்டி உமாதேவி மேடம் பதினான்கு மாதமாய் அனுப்பிய மெயில்கள் ஒரே சரமாகத் தொங்கின. ஒவ்வொரு கருத்தையும் பிரித்து எக்செல்லில் போட்டாள்: தேதி, அத்தியாயம், செய்ய வேண்டியது, முடிந்ததா. பழைய மெயிலின் பக்க எண் இப்போதைய பிரதியோடு ஒட்டவில்லை. மார்ச்சில் ‘அத்தியாயம் மூன்றையும் நான்கையும் சேர்’; ஜூலையில் ‘பிரி’. பிந்தியதை எடுத்துக்கொண்டு, மேடத்திடம் கேட்க ஒரு குறியும் போட்டாள். நாலு மெயிலில் வந்த ஒரே குறையை ஒரு வரியாக்கினாள். முடிந்தவை போக நாற்பத்தோரு வரி.

இத்தனை நாளும் கமாவும் நூற்பட்டியலுமாய்ச் சுலபமானதையே முடித்திருந்தாள். சுவர் எழும்புமுன் வெள்ளையடித்த கதைதான்.

பிப்ரவரி மெயிலின் அடியில், பழைய மெயிலை மடித்து மறைக்கும் மூன்று புள்ளி இருந்தது. தான் அனுப்பியதுதானே உள்ளே சுருண்டிருக்கும் என்று அதை அவள் தொட்டதே இல்லை. இன்று தொட்டாள். ‘அறுபது தோட்ட உரிமையாளர் போதுமா மேடம்?’ என்ற அவள் கேள்விக்குக் கீழேயே மேடம் எழுதியிருந்தார்: ‘போதாது. மருந்து கலக்கும் பெண்கள் இருபது பேரையாவது கேள். இது இல்லாமல் அனுப்பாதே.’

எட்டு மாதமாக அங்கேயே கிடந்திருக்கிறது. நாற்பத்திரண்டாவது வரி. ஆனால் கடைசியில் வைக்க முடியாது. ஆட்கள் கூடினால் அட்டவணை மாறும், அட்டவணை மாறினால் முடிவுரை மாறும். முதல் இடத்தில் வைத்தாள். மற்றவையெல்லாம் ஒரு படி இறங்கின.

வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா ராமுத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

“என்னத்தா, மூஞ்சி செத்துப் போச்சு?”

“மருந்து கலக்குற பொம்பளைகளக் கேக்கணுமாம்மா. இருவது பேரு.”

ராமுத்தாய் கையை மோந்துவிட்டுச் சிரித்தாள். பூண்டுக்கு மேலேயும் அந்த மருந்து வாடை போகாத கை.

“பெரிய வீட்டுக்கெல்லாம் நோட்டத் தூக்கிட்டுப் போயி காப்பி குடிச்சிட்டு வந்தியே. நம்ம அடுப்படியிலயே ஒருத்தி, பதினாறு வருசமா தோட்டத்துல மருந்து டிரம்ம கலக்கிட்டுக் கெடக்காளே, அவ கண்ணுக்குத் தெரியலயாக்கும்.”

வேல்விழி அந்த நோட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

“நாளைக்கு வரவா? தோட்டத்துக்கு.”

“அங்கன மேஸ்திரி நிப்பாக. ஒருத்தியும் வாயத் தெறக்க மாட்டா. விடியக்கால எங்கள ஏத்திட்டுப் போற வேன்ல ஏறு. முக்கா மணி நேரம் கெடைக்கும். ஒரு நாளைக்கு நாலு பேரு பேசுனா சாஸ்தி.”

ஐந்து நாள். மிச்சம் ஏழு, அதற்குள் நாற்பத்தோரு வரி. இரண்டு தரம் கணக்குப் போட்டும் அதே ஏழுதான்.

மேடத்துக்கு மெயில் எழுதினாள்: ‘பிப்ரவரியில் நீங்கள் சொன்னதை இன்றுதான் பார்த்தேன். நாளை தொடங்குகிறேன். பட்டியல் இணைப்பில்.’ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புதுப் பக்கம் திருப்பி வாசலில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“வேன் வரைக்கும் எதுக்கு? மொத ஆளு நீதான். கையுறை குடுப்பாகளாம்மா?”

ராமுத்தாய் பூண்டைக் கீழே வைத்தாள்.