இரண்டாவதாகச் சொன்னவள்

பதினொரு வருடமாகப் பிழை பிடிப்பதே அவளுடைய பிழைப்பு. மென்பொருள் சோதனைப் பிரிவில் அவளுக்கு 'பூதக்கண்ணாடி' என்று பெயர். பக்கத்து நாற்காலிக்காரனுக்கு 'ஜோசியர்'. எதையும் நடந்து முடிந்தபின், "நான் அப்பவே சொல்லல?" என்பான்.

ஒன்பது பேர் கொண்ட பிரிவு வருடக் கடைசிக்குள் நான்கு பேராகும் என்று மேலாளர் சொன்ன திங்கட்கிழமையும் அவன் அதைத்தான் சொன்னான்.

"நான் அப்பவே சொல்லல? இனி கிளவுட் சர்வர் வேலைதான். எல்லா வேலைக்கும் அப்ளை பண்ணு, ஏதாவது ஒண்ணு மாட்டும்."

"கண்ணை மூடிக்கிட்டுக் கல்லெறியறதா?" என்றாள்.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்தாள். நாற்பத்தாறு வேலை விளம்பரங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் வரி வரியாகப் பிரித்து அட்டவணையில் போட்டாள். பதவி, கேட்கும் அனுபவம், கட்டாயம் வேண்டியது, இருந்தால் நல்லது. பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, "வேலை தேடுறியா, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கப் போறியா?" என்றான்.

ஆனால் அட்டவணை பேசியது. ஆர்க்கிடெக்ட் என்று தொடங்கிய பதவிகளெல்லாம் எட்டு வருடம் சொந்தமாகக் கட்டியெழுப்பியவர்களைக் கேட்டன. அவற்றை அழித்தாள். கோடிங்கில் ஊறியவர்களைக் கேட்டவற்றையும் அழித்தாள். மிஞ்சியவை பதினேழு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைக் கண்காணித்து, கோளாறு வந்தால் காரணம் தேடும் ஆபரேஷன்ஸ் வேலைகள். பதினேழிலும் லினக்ஸ். பதினான்கில் நெட்வொர்க் அடிப்படை. பதிமூன்றில் கண்காணிப்புக் கருவி. பதினொன்றில் ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல் எழுதுவது. ஊரே பேசிக்கொண்டிருந்த குபர்நெட்டிஸ் என்ற கருவி மூன்றே மூன்றில்தான் கட்டாயம்.

தன்னிடம் இருப்பதையும் நேர்மையாக எழுதினாள். சர்வர் எழுதிவைக்கும் லாக் படிக்கத் தெரியும். தரவுத்தளத்தில் தேடத் தெரியும். கோளாற்றை இன்னொருவனுக்குப் புரியும்படி எழுதத் தெரியும். இல்லாதவை நான்கு: ஆழமான லினக்ஸ், நெட்வொர்க், ஸ்கிரிப்ட், கடைசியாக, உண்மையான வாடிக்கையாளர்கள் இருக்கும் இடத்தில் கோளாறு வந்தபோது நின்று சமாளித்த அனுபவம்.

ஜோசியர் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். "தாயே, எனக்கும் ஒரு காப்பி அனுப்பு." பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன். அனுப்பினாள்.

முதல் மூன்று குறைகளையும் உழைப்பு அடைத்தது. இலவசமாகக் கிடைத்த சின்ன சர்வர் ஒன்றை எடுத்து, அதைத் தானே கெடுத்துத் தானே சரிசெய்து பழகினாள். டிஸ்க்கை நிரப்பினாள், சர்வரின் வாசலான போர்ட்டை மூடினாள், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் பதிவை அழித்தாள். உடைப்பதுதானே கைவந்த தொழில்! நான்காவது குறையைப் புத்தகம் அடைக்காது. அலுவலகத்தின் ஆபரேஷன்ஸ் தலைவரான தாடிக்காரரிடம் போய், புதிய பதிப்பு வெளியிடும் நாட்களில் கூட உட்கார்ந்துகொள்ள அனுமதி கேட்டாள். "உட்காருங்க. ஆனா கையை வெக்கக் கூடாது," என்றார் அவர். ஜோசியரும் ஒட்டிக்கொண்டான்.

அப்படி உட்கார்ந்த ஐந்தாவது மாதம், ஒரு வெளியீடு முடிந்த அரைமணியில் பணம் கட்டும் பக்கம் செத்துப்போனது. எல்லோரும் புதிய கோடில் மூழ்கித் தேடினார்கள். பழையதற்கே திரும்பியும் சரியாகவில்லை. அவள் மட்டும் லாக்கை மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, "சார், இது நம்ம கோடே இல்ல. உள்ளே ரெண்டு சர்வர் ஒண்ணையொண்ணு நம்பிப் பேசிக்க வெச்சிருக்கிற சர்ட்டிஃபிகேட் இப்பத்தான் காலாவதி ஆயிருக்கு," என்றாள். தாடிக்காரர் புதியதைப் போட்டார், பக்கம் உயிர்பெற்றது. மறுநாள், காலாவதியை முப்பது நாள் முன்பே எச்சரிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும் எழுதிக் கொடுத்தாள். அவ்வளவு நேரமும் ஜோசியர் அருகில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பதினேழைப் போன்ற ஒரு விளம்பரம் வெளி நிறுவனத்திலிருந்து வந்தது. இரண்டாம் நிலை ஆபரேஷன்ஸ் பொறியாளர், ஒரே இடம். இருவருமே விண்ணப்பித்தார்கள். அவனுக்கு நேர்காணல் காலை பத்துக்கு, அவளுக்கு மதியம் இரண்டரைக்கு.

கேள்விகளுக்கெல்லாம் சரளமாகப் பதில் சொன்னாள். கடைசியாக, "நீங்க சமாளிச்ச ஒரு கோளாறைச் சொல்லுங்க," என்றார் நேர்காணல் செய்த இருவரில் ஒருவரான வழுக்கைத் தலைக்காரர். சொல்ல ஆரம்பித்தாள். சர்ட்டிஃபிகேட் என்ற சொல் வந்ததும் எதிரில் இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதே கதையைக் காலையிலேயே கேட்டாச்சும்மா. ஸ்கிரிப்ட் எழுதினது வரைக்கும்."

"அதைக் கண்டுபிடிச்சது நான் சார்."

"அவரும் அப்படித்தான் சொன்னார். தனியா பொறுப்பு எடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல. கூட உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது மாசம்."

"அவர் மூணு வருஷம்னார்," என்று காகிதத்தைத் திருப்பினார் அவர்.

தாடிக்காரரைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவர்கள் எழுந்து கைகூப்பிவிட்டார்கள். முந்திச் சொன்ன பொய்க்குப் பின்னால் வரும் மெய், திருட்டுப் பொருள் மாதிரிதான் தெரிகிறது.

மறுநாள் கேன்டீனில் அவனைப் பிடித்தாள். அவன் தலைகுனியவில்லை.

"நானும் அங்கதானே இருந்தேன்? நீயும் மூணு வருஷம்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே. நான் என்ன உன் வாயைப் பொத்தினேனா?"

வேலை அவனுக்கே கிடைத்தது. அடுத்த மாதம் பிரிவில் கழித்துக்கட்டிய நால்வரில் அவளும் ஒருத்தி. "அட்டவணையைத் தூக்கிக் குடுத்து, உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டே," என்றான் கணவன். ஆறுதலாகச் சொன்னானா குத்தலாகச் சொன்னானா என்று தெரியவில்லை.

ஒரு பகல் வேளையில் ஜோசியரின் அழைப்பு வந்தது.

"டிஸ்க்ல பாதி காலியாக் கிடக்கு. ஆனா 'இடமில்லை'ன்னு எழுதவே மாட்டேங்குது. ஆர்டரெல்லாம் நிக்குது. எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

"உன் மூணு வருஷ அனுபவம் என்ன சொல்லுது?"

"இப்ப அதுக்கா நேரம்? கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

போனை வைத்துவிடலாம். வைக்கவில்லை. கோளாறு என்று காதில் விழுந்ததும் மூளை அதன்பின்னாலேயே ஓடிவிட்டது. "ஃபைல்களோட எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. அதுதான் ஐநோட். எவ்வளவு மிச்சம்னு பாரு."

"நூறு சதவீதம் தீர்ந்துடுச்சு!"

"குட்டிக் குட்டி ஃபைல் லட்சக்கணக்கில் எந்த ஃபோல்டர்ல குவிஞ்சிருக்குன்னு தேடு. பழைய லாகின் செஷன் ஃபைலா இருக்கும். யாரோடதுன்னு கேட்டுட்டு அழி, அவசரப்படாதே."

கால்மணி நேரத்தில் மறுபடி அழைத்தான். "தெய்வம் நீ!" என்றான். அவள் துண்டித்தாள். அன்று முழுக்க அவன் மேல் வராத கோபமெல்லாம் தன் மேல் வந்தது.

இன்னும் இரண்டு இடங்களில் அதே கேள்வி, 'அப்புறம் சொல்றோம்' என்ற மழுப்பல். மூன்றாவது இடத்தில், கோளாறுக் கதையைக் கேட்டபோது, "கதை வேண்டாம் சார். கெட்டுப்போன சர்வர் ஒண்ணு குடுங்க," என்றாள். நேர்காணல் எடுத்த குழுவின் இளம் தலைவன் சிரித்துவிட்டு உண்மையிலேயே கொடுத்தான். தளம் உள்ளிருந்து திறந்தது, வெளியிலிருந்து திறக்கவில்லை. சேவை அந்த சர்வருக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மட்டுமே காதுகொடுத்துக் கொண்டிருந்தது. அதைத் திருத்தியபின், பாதுகாப்பு அரணான ஃபயர்வாலிலும் கதவு மூடியிருந்தது. பதினெட்டு நிமிடத்தில் முடித்து, காரணத்தை நான்கு வரியில் எழுதியும் கொடுத்தாள்.

"பிரமாதம்," என்றான் தலைவன். அப்புறம் திரையைப் பார்த்தான். "ஆனா ஆபரேஷன்ஸ்ல உங்க அனுபவம் பூஜ்யம்னுதான் எங்க பதிவில காட்டும். எல்லாத்துக்கும் கீழ, முதல் நிலையிலதான் எடுக்க முடியும். ஷிஃப்ட்டும் உண்டு."

அவனுக்கே மொத்தம் நான்கு வருட அனுபவம்தான் இருக்கும். அவள் கையெழுத்துப் போட்டாள். முதல் நாளே, எச்சரிக்கை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலை அவளிடம் நீட்டினார்கள். காரணம் தேடுவது இரண்டாம் நிலைக்காரர்களின் வேலையாம். அவள் பார்த்து, எழுதி, அனுப்பினால் போதுமாம்.

பதினொரு மணிக்கு முதல் எச்சரிக்கை சிவந்தது. ஏன் என்று அவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. விசைப்பலகையில் கையை வைக்காமல், பட்டியலில் இருந்த எண்ணை அழைத்தாள்.