கறுப்பு ஜாக்கெட்டில் வெள்ளைத் தையல்

என் வீட்டுக்காரர் சைக்கிளில் பார்சல் கொடுப்பவர். மழையில் சறுக்கி விழுந்து இடது முழங்கை முறிந்தது. எலும்பு கூடியும் கை முழுசாக நீளவில்லை. பிடிமானமே போய்விட்டது என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

நான் டெக்வேர் என்கிற, மழை தாங்கும் உடுப்புகள் தைக்கும் பட்டறையில் இருக்கிறேன். கறுப்பும் கரிச் சாம்பலும் தவிர அங்கே வேறு நிறத்துக்கு வேலையில்லை. அவருக்கென்று ஒரு ஜாக்கெட் தைத்தேன். முழங்கையில் சின்னச் சின்ன மடிப்புகள் பிடித்து, ஜாக்கெட் கையை வளைவாகவே வெட்டுவோம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது மணிக்கட்டுப் பட்டி மேலே ஏறாது. ஆணியில் மாட்டினாலும் இரண்டு கையும் லேசாக மடங்கியே தொங்கும். அவர் கைக்கு அது கச்சிதம். பைகளை மட்டும் ஜாக்கெட்டில் தைக்காமல், குறுக்கே போடும் வாரில் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்தேன். ஊசி போன இடமெல்லாம் தண்ணீரும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் திரும்பினால், பார்சல் ஸ்கேனர் வைக்கும் பையை வாரிலிருந்து கழற்றி ஜாக்கெட்டின் நெஞ்சிலேயே தைத்து வைத்திருக்கிறார். அதுவும் வெள்ளைப் பருத்தி நூலில். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரைக் கேட்டு ஊசியை எடுத்தீங்க? பருத்தி நூல் தண்ணியை உறிஞ்சி உள்ள கொண்டுவந்து விடுமே!"

"வார் கழுத்தை அறுக்குதுன்னு..."

"பொய் சொல்லாதீங்க."

தலையைக் குனிந்துகொண்டார். "துணியை இடது கையில பிடிச்சு ஒரு பை தைக்க முடிஞ்சா, நாளைக்கு பிரேக்கையும் பிடிக்கலாம்னு பார்த்தேன்."

மறுபடியும் தையலைப் பார்த்தேன். முதல் பக்கம் கோணல்மாணல். கடைசிப் பக்கம் கிட்டத்தட்ட நேர். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பிரிச்சிடவா?" என்றார்.

"பிரிச்சா மட்டும் ஓட்டை மூடிக்குமா?"

ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பி, முடிச்சுகளின் வாலை ஒட்ட நறுக்கினேன். தையல் ஓட்டையை அடைக்கும் டேப்பை, முனை உரியாதபடி வளைவாக வெட்டி, பசைப்பக்கம் கீழே வைத்து, மேலே துணி போட்டு, ஆவியில்லாத மிதமான சூட்டில் இஸ்திரிப்பெட்டியை அழுத்தினேன். சூடு ஆறும்வரை இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. பிறகு அந்த இடத்தைக் குழியாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, அடியில் காகிதத்தை வைத்துக் காத்திருந்தோம். காகிதம் நனையவில்லை.

"கறுப்பு நூல்ல மேல ஒரு ஓட்டு ஓட்டிடேன். ஆளுங்க சிரிப்பாங்க."

"அதுல ஒரு இழை மேல யாராவது கை வச்சாங்க, தொலைச்சிடுவேன்."

காலையில் மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள் சங்கிலியைத் துடைத்துவிட்டு அவரே ஜாக்கெட்டைக் கேட்டார்.