எட்டு வருடம் தாங்கிய நஷ்டம்

தோல்வியையே காணாமல் வாழும் மாமனிதர்கள் ஒரு யுகத்துக்கு ஒருவரோ இருவரோதான் பிறக்கிறார்கள். அப்படிப் பிறந்தவர் தாம் என்பதில் சேர்மனுக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. சரவிளக்குக் கடையை இழுத்து மூடிய அன்றுகூட இருந்ததில்லை.

அவர் எதற்கும் சேர்மன் இல்லை. கடை திறந்த புதிதில் முகவரி அட்டை அச்சடித்தபோது பெயருக்குக் கீழே இடம் காலியாக இருந்தது, அதை 'சேர்மன்' என்று நிரப்பினார். அச்சுக்கூடத்துக்காரர் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே கூப்பிட ஆரம்பித்தார், தெருவே பிடித்துக்கொண்டது.

கடையில் ஆளுயரச் சரவிளக்குகள் தொங்கின. அரண்மனைக்கு ஏற்றவை. சுற்றுவட்டாரத்தில் அரண்மனை இல்லை. கையைத் தூக்கினால் கூரையைத் தொடும் வீடுகள்தான் இருந்தன. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஆகா என்றார்கள், ஒரு குண்டு பல்பு வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு அதற்கும் வரவில்லை. கடை காற்று வாங்கியது. ஒரே வருடத்தில் மூடினார். "லாபம் உச்சியில இருக்கும்போதே வெளிய வந்துடணும், அதுதான் வியாபாரம்" என்று மனைவியிடமும் மச்சினனிடமும் தெருவிடமும் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னதில் அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

காலியான கடையில் மனைவி தலையணை தைக்க ஆரம்பித்தாள். அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: உரிமமும் பலகையும் தம் பெயரில் இருக்க வேண்டும். 'சேர்மன் தலையணைகள்' என்று பலகை ஏறியது. பலகையை மாட்டியதோடு அவர் உழைப்பு முடிந்தது. வருடா வருடம் ஏதோ கொஞ்சம் லாபம் வந்தது, வரி கேட்கும் அளவுக்கு இல்லை. ஆடிட்டர் அம்மா காட்டிய இடத்தில் சேர்மன் கையெழுத்துப் போட்டார். இந்த வருடம் மூன்று தங்கும் விடுதிகள் ஒரே மூச்சில் தலையணை கேட்டன. லாபம் பொங்கிவிட்டது.

மனைவிக்கு ஒரே ஆசை, பஞ்சு அடைக்கும் மெஷின். இப்போது நான்கு பெண்கள் கையால் அடைக்கிறார்கள், அடைத்துக்கொண்டே தும்முகிறார்கள். மெஷின் விற்பவர் ஒரு பழைய மெஷினைப் பாதி விலைக்கு, சனிக்கிழமை வரை, வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வரிக்கென்று அவள் தனியாக எடுத்து வைத்த பணமும் மெஷின் விலையும் கிட்டத்தட்ட ஒன்று. வரி கட்டினால் மெஷின் இல்லை.

"எவ்வளவு வரும்னு கேட்டுட்டு வாங்க" என்று அவரை ஆடிட்டரிடம் அனுப்பினாள்.

ஆடிட்டர் அம்மா கணினியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் வராது சார்."

"ஒண்ணும்னா?"

"பூஜ்யம். சரவிளக்குக் கடை நஷ்டம் இருக்குல்ல? அந்த வருஷம் கெடுவுக்குள்ள கணக்குத் தாக்கல் பண்ணீங்க. அதனால அடுத்து வர்ற எட்டு வருஷம் வரைக்கும் தொழில்ல வர்ற லாபத்துல கழிச்சுக்கலாம். இத்தனை வருஷமா தலையணை லாபம் அதை ஓரத்துல கொறிச்சுட்டு இருந்துச்சு. இந்த வருஷம் எட்டாவது, கடைசி. வந்த லாபம் மொத்தத்தையும் அது முழுங்கிடும்."

சேர்மன் அவசரமாகக் கதவைப் பார்த்தார். "மெல்லப் பேசுங்கம்மா."

"வெளிய யாரும் இல்ல சார்."

"இந்த நஷ்டம் வீட்டுக்குத் தெரியாது."

"எட்டு வருஷமாவா?" ஆடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொல்ல மாட்டேன். கணக்கு உங்களோடது."

வீடு திரும்பும் வழியில் சேர்மன் நடையைத் தளர்த்தினார். வரி பூஜ்யம் என்றால் ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் உச்சியில் இருந்த லாபம் தலைகுப்புற விழும். தெருமுனை திரும்புவதற்குள் வழி பிறந்துவிட்டது.

"பேசி முடிச்சுட்டேன்" என்றார், வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு. "வரி கிடையாது."

"கிடையாதுன்னா?"

"மேலிடத்துல ரெண்டு வார்த்தை. நம்மள யாருன்னு தெரியாதா அவங்களுக்கு?"

மச்சினன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அக்காவின் பட்டறைக்கு மேலாளர் அவன்தான். "மாமா, போன வாரம் தண்ணி வரலன்னு புகார் குடுக்கப் போனீங்களே, அங்க உங்களை யாருன்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

"அது கீழிடம் மாப்ள."

மனைவி தன் கையிலிருந்த தலையணையைத் தேவைக்கு மேல் இரண்டு தட்டு தட்டினாள்.

மச்சினன் விளையாட்டாகத் தேநீர்க் கடையில் சொன்னதுதான் தாமதம். மறுநாள் காலையில் ரொட்டிக் கடைக்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரும்புக் கடைக்காரர். அவருக்குப் பின்னால் வியாபாரிகள் சங்கத் தலைவரே ஒரு பெரிய காகித உறையோடு வந்துவிட்டார்.

"சேர்மன், உங்க மேலிடத்துல எனக்கும் ஒரு வார்த்தை போடுங்க."

"எனக்கு முழுசா வேணாம், பாதி குறைச்சாப் போதும்" என்றார் ரொட்டிக் கடைக்காரர், பெருந்தன்மையோடு.

தாம் இவ்வளவு பெரிய ஆள் என்பது சேர்மனுக்கே அன்றுதான் தெரிந்தது. நாற்காலியை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார். "நேரம் பார்த்துத்தான் பேசணும்" என்றார். மாதக் கடைசியில் சங்கக் கூட்டத்தில் அவருக்கு ஒரு பாராட்டும் முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை, பெண்கள் தும்மிக்கொண்டே வீட்டுக்குப் போன பிறகு, மனைவி பட்டறைக் கதவைச் சாத்தினாள்.

"மெஷின் வேண்டாம்னு சொல்லப் போறேன்."

"ஏன்? பணம்தான் அப்படியே இருக்கே?"

"அது வரிக்கு எடுத்து வச்ச பணம். நீங்க யார் கையில என்ன அழுத்துனீங்களோ, யார் காலைப் பிடிச்சீங்களோ, எனக்குத் தெரியாது. அப்படி மிச்சமான காசுல வாங்குன மெஷின்ல அடைச்ச தலையணையில எவன் தலை வச்சாலும் தூக்கம் வராது. நாளைக்குக் காலைல முழு வரியையும் நானே கொண்டு போய்க் கட்டப் போறேன்."

சேர்மன் கதவை மறித்து நின்றார். "அவங்க வாங்க மாட்டாங்க."

"பணத்தை வேணாம்னு சொல்ற ஆபீசை நான் இன்னும் பார்க்கல."

"நான் யார் கையிலயும் எதையும் அழுத்தல."

"அப்போ எப்படிங்க பூஜ்யம்?"

மேலே ஒரு சரவிளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. விற்காமல் போனவற்றில் கழற்ற முடியாமல் போன ஒன்று. சேர்மன் அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. அந்த மெஷினை அவள் மனத்துக்குள் கொண்டுவந்து வைத்திருந்த இடம், ஜன்னலோரம், இப்போதும் சுத்தமாகக் கூட்டிக் காலியாக இருந்தது. அதுதான் அவரை அசைத்துவிட்டது.

"சரவிளக்குக் கடை…" என்றார்.

"லாபம் உச்சியில இருக்கும்போது மூடுனீங்க."

"உச்சி இல்ல."

"கொஞ்சம் கீழயா?"

"அடி மட்டம். அதுக்கும் கீழ."

பிறகு நிறுத்தாமல் சொல்லி முடித்தார். நஷ்டத்தைக் கணக்கில் காட்டியதை, எட்டு வருடக் கெடுவை, இந்த வருட லாபத்தை அந்தப் பழைய நஷ்டம் அப்படியே விழுங்கிவிட்டதை. எல்லாம் சட்டப்படி, மேலிடம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை.

மனைவி நம்பவில்லை. ஆடிட்டருக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"சார் சொல்லிட்டாரா? அப்பாடா" என்றது போன். "அவர் சொன்னதெல்லாம் சரிதான்மா."

"தலையணை தைக்கிறது நான். சரவிளக்கு வித்தது அவர். அவர் நஷ்டத்தை என் லாபத்துல எப்படிங்க கழிப்பாங்க?"

"ஒண்ணுகூட விக்கல" என்றார் சேர்மன், நேர்மை திரும்பிவிட்டதால்.

"நல்ல கேள்வி" என்றது போன். "உங்க பேர்ல இந்தத் தொழில் இருந்திருந்தா முடியவே முடியாது. ஒருத்தர் நஷ்டத்தை இன்னொருத்தர் லாபத்துல கழிக்க விட மாட்டாங்க. கடை, முதல், உரிமம் எல்லாம் சார் பேர்ல. அதனால லாபமும் அவரோடது, நஷ்டமும் அவரோடது. தொழில் வேறயா இருந்தாலும் பரவாயில்ல, ரெண்டும் தொழில் வருமானம்தானே. இதே அவர் சம்பளக்காரரா இருந்திருந்தா சம்பளத்துல கழிக்க முடியாது."

மனைவி பலகை இருந்த திசையைப் பார்த்தாள். இத்தனை வருடமாக அவள் மனத்துக்குள் கறுவிக்கொண்டிருந்த பலகை. முதலில் உதடு கோணியது, பிறகு சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இத்தனை பந்தாவுல ஒண்ணாவது உருப்படியா இருந்துச்சே" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மிச்ச நஷ்டம் என்னம்மா ஆகும்?" என்று சேர்மன் போனிடம் கேட்டார்.

"எட்டு வருஷம் முடிஞ்சாச்சு சார். இந்த வருஷம் கழிச்சது போக இருக்கிறது காலாவதி."

எட்டு வருடமாக ஒளித்து வைத்த நஷ்டத்தில் ஒரு துண்டு வீணாகப் போகிறது என்றதும் சேர்மனுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வருஷம் நீட்டிக்க மாட்டாங்களா?" என்றார்.

"மேலிடத்துல ஒரு வார்த்தை போட்டுப் பாருங்க" என்றாள் மனைவி.

சனிக்கிழமை மெஷின் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தது. ஒரு தலையணையை அது ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் அடைத்தது. பெண்கள் சுற்றி நின்று கை தட்டினார்கள். யாரும் தும்மவில்லை.

மீதி இருந்தது சங்கக் கூட்டம். மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் சேர்மனால் வேறு எதுவும் பேச முடியவில்லை. உண்மையைச் சொன்னார். பிறகு இரும்புக் கடைக்காரர் எழுந்தார். "எனக்கும் மூணு வருஷத்துக்கு முன்னாடி நஷ்டம்தான்" என்றார். "அதுவும் கழியுமா?" ரொட்டிக் கடைக்காரர் தமக்கு இரண்டு வருடம் என்றார். அதுவரை நஷ்டம் என்ற வார்த்தையையே வாயில் எடுக்காத மண்டபத்தில் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். என்னுடையது பெரியது, உன்னுடையதெல்லாம் ஒரு நஷ்டமா என்று போட்டி வந்துவிட்டது. தலைவர் மைக்கைப் பிடுங்கித் தம் நஷ்டத்தை அறிவித்தார். சேர்மனுடையதைப் போல் இரண்டு மடங்கு.

"கெடுவுக்குள்ள தாக்கல் பண்ணீங்களா?" என்று ஓரத்திலிருந்து, சங்கக் கணக்கையும் பார்க்கும் ஆடிட்டர் அம்மா கேட்டார்.

"வெக்கமா இருந்துச்சும்மா. பண்ணல."

"அப்போ அதைக் கழிக்க முடியாது சார்."

தலைவர் உட்கார்ந்துவிட்டார். சேர்மன் துண்டைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். இழந்த இடத்தைப் பிடிக்க இதைவிட நல்ல நேரம் வராது.

"நஷ்டப்படுறது பெரிசில்ல" என்றார். "எவன் வேணா படலாம். எட்டு வருஷத்துக்கு அப்புறம் என்ன நடக்கும்னு அன்னைக்கே கணிச்சு, கெடு ஆரம்பிச்ச முதல் வாரமே போய்க் கணக்கை முடிச்சுக் குடுத்தேன் பாருங்க, அதுக்குப் பேருதான் தொலைநோக்கு."

கைதட்டல் எழுந்தது. மச்சினன்கூடத் தட்டினான். மனைவி திரும்பி ஆடிட்டர் அம்மாவைப் பார்த்தாள்.

"ஆமாம்மா, முதல் வாரமே வந்தார்" என்றார் ஆடிட்டர் அம்மா. "தினமும் வந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எங்க ஆபீஸ்ல ஏசி உண்டு. அந்த வாரம் சரவிளக்குக் கடையில கரண்டைத் துண்டிச்சிருந்தாங்க."