நாலாம் மாடிக் கதவு

கத்தரீனாளை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் மெயின் ரோடு திரும்புவதற்குள் கமிட்டி கூடிவிட்டது. நம் அபார்ட்மெண்ட் அசோசியேஷன்காரர்களுக்குத் தலைக்கு மேல் வந்துவிட்டால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. லிப்ட் கதவின் பூட்டை மாற்றத்தான் அந்தச் சுறுசுறுப்பு வரவில்லை.

லிப்ட் கூண்டின் கூரைமேல் கால் மடங்கிக் கிடந்தவளைத் தூக்கச் செக்ரட்டரி ஸ்ரீலேகாவும் ஒரு கை கொடுத்திருந்தாள். கத்தரீனாள் ஒரு முறைகூட அலறவில்லை. அதுதான் ஸ்ரீலேகாவுக்குத் தாங்கவில்லை.

நடந்தது இதுதான். நாலாம் மாடியில் லிப்ட் கதவின் பூட்டு தேய்ந்துபோய், லிப்ட் வராமலே கதவு திறக்க ஆரம்பித்திருந்தது. பராமரிப்புக் கம்பெனி மெக்கானிக் சதீஷ் வந்து பார்த்து, லிப்டை நிறுத்தி, மாடிக்கு மாடி போர்டு மாட்டினான். புதுப் பூட்டு கோயம்புத்தூரிலிருந்து வரும்வரை ஓட்டக்கூடாது என்று எழுதிக்கொடுத்தான். பிரசிடென்ட் ராமபத்ரன் அதை வாங்கிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் அவர் அப்பாவுக்குத் தெவசம். சடங்கு செய்துவைக்க வரும், முழங்கால் போன வாத்தியார் நாலு மாடி எப்படி ஏறுவார்? ராமபத்ரன் மோட்டார் ரூமைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார். போர்டுகளைக் கழற்றினார். வாத்தியார் சுகமாக ஏறிப் போனார், சுகமாக இறங்கியும் போனார். ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்பது சாப்பாட்டு மும்முரத்தில் மறந்துபோயிற்று.

ராமபத்ரனின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டோடு இருப்பவள் கத்தரீனாள். தெவசத்தன்று மட்டும் அவள் உள்ளே இருக்கக்கூடாது. வேறு ஜாதி, வேறு மதம், மடி. காலையிலிருந்தே வெளி வராந்தாவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும், கீழே போய்ச் சற்று நிற்கலாமே என்று லிப்ட் கதவைத் திறந்தாள். போர்டு இல்லை, விளக்கு எரிந்தது, கதவும் திறந்தது. லிப்ட் மட்டும் இரண்டு மாடி கீழே நின்றது.

"அவளாப் போய் விழுந்தாள்னு எழுதிடலாம். போர்டு இருந்தது, பார்க்காம தொறந்துட்டா. நமக்கும் தொல்லை இல்லை, கம்பெனிக்கும் தொல்லை இல்லை" என்றார் பொருளாளர் அனந்தநாராயணன். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கேட்கவே ஸ்ரீலேகாவுக்கு உடம்பு பற்றியெரிந்தது.

"மாமா, நீங்க சொல்லுங்கோ" என்று ராமபத்ரனைப் பார்த்தாள்.

அவர் பஞ்சகச்சத்தோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "போர்டை நான்தான் எடுத்தேன். நீ நடந்ததையே எழுது ஸ்ரீலேகா" என்றார். அந்த நிமிஷம் அவர் மனசு சுத்தமாகத்தான் இருந்தது. இதை மறைப்பதற்கில்லை.

லிப்டில் வெளியாட்களுக்கு அடிபட்டால் ஈடு தரும் இன்ஷூரன்ஸ் அசோசியேஷனிடம் இருந்தது. ஸ்ரீலேகா அன்றே இன்ஷூரன்ஸ் கிளைக்கு போன் செய்தாள், மெயிலும் அனுப்பினாள். பாலிசி நம்பர், இடம், நேரம், அடிபட்டவள் யார், யாரிடம் வேலை செய்கிறவள், என்ன நடந்தது. பராமரிப்பு ஒப்பந்தம், லிப்ட் லைசென்ஸ், மின்சார இன்ஸ்பெக்டரின் கடைசிப் பரிசோதனை அறிக்கை, சதீஷின் சர்வீஸ் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் இணைத்தாள். பழைய பூட்டைத் தொடவேண்டாம் என்று சதீஷிடம் சொன்னாள். கத்தரீனாள் வீட்டாரிடம் பணம் தருவதாகவோ தவறை ஒப்புக்கொண்டோ எதுவும் எழுதிக்கொடுக்கக்கூடாது, எங்களைக் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்று கிளையில் எச்சரித்தார்கள். அதையும் கமிட்டிக்குச் சொன்னாள்.

விபத்தை விசாரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஆறுமுகசாமி கொழிஞ்சாம்பாறைக்காரர். மோட்டார் ரூமில் ஏறி இறங்கி, பூட்டைப் படம் எடுத்து, ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். படியிறங்கும்போது ஸ்ரீலேகா அடக்கமாட்டாமல் கேட்டாள்.

"எங்க தப்புன்னு எழுதினதால கெடுத்துட்டேனா சார்?"

"ஏனுங்க, உங்க தப்பு இருந்தாத்தானுங்க இந்தப் பாலிசிக்கே வேலை. தப்பே இல்லீன்னா கம்பெனி எதுக்குக் குடுக்கணும்? ரிப்பேர்னு தெரிஞ்சே ஓட்டினதுக்குக் கம்பெனி தகராறு பண்ணலாமுங்க, நான் மறைக்கலே. ஆனா அதுல பேசறதுக்கு வழி இருக்குது. போர்டப் பாத்துட்டும் அந்தம்மாவே கதவத் தொறந்தாங்கன்னா, கைய விரிச்சிருவாங்க. அப்புறம் அந்தம்மா கோர்ட்டுக்குத்தான் போகோணும்."

கோர்ட்டுக்குப் போகக் கத்தரீனாளிடம் என்ன இருக்கிறது? சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில் காலமெல்லாம் கொழுந்து கிள்ளினாள். ஓய்வு பெற்றதும், எஸ்டேட்டில் குடியிருக்கக் கொடுத்திருந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ராமபத்ரன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த கூரை. காலில் பிளேட் வைத்தாயிற்று, இடுப்புக்கு இன்னொரு ஆபரேஷன் பாக்கி. இன்ஷூரன்ஸ் கைவிட்டால் அவள் நொண்டியாகவே கிடக்க வேண்டியதுதான்.

கத்தரீனாளின் வாக்குமூலம் வாங்க ஆறுமுகசாமி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஸ்ரீலேகாவோடு ராமபத்ரனும் வந்தார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவரை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முன்பு அழுத மனிதர் இல்லை அவர். முகம் காய்ந்து கிடந்தது.

ஆறுமுகசாமி கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். "எப்படி விழுந்தீங்க, உள்ளதச் சொல்லுங்கம்மா."

கத்தரீனாள் ஒரு முறை ராமபத்ரனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எம் பேர்லதான் குத்தம்யா. போர்டு தொங்கிட்டுத்தான் கெடந்துச்சு. நாந்தான் கவனிக்காம கதவத் தெறந்தேன். வீட்டுக்காரங்க மேல ஒண்ணும் இல்ல."

ஸ்ரீலேகா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "கத்தரீனா! போர்டு இல்லையே அன்னிக்கு! ஏன் இப்படிச் சொல்றேள்? உங்க ஆபரேஷன் இதுல இருக்கு!"

"இருக்கட்டும் தாயி." குரலில் கோபமும் இல்லை, குறையும் இல்லை. "எஸ்டேட்டுல எத்தன பேரு கால ஒடிச்சிருக்கோம். எம் பேர்லதான் குத்தம்னு எழுதிக் குடுத்தவளுக்கு லயம் நின்னுச்சு. கம்பெனி மேல சொன்னவ பெட்டியத் தூக்கினா. எனக்கு இந்த வயசுல பெட்டியத் தூக்கத் தெம்பு இல்ல."

யாரும் அவளிடம் இப்படிச் சொல்லச் சொல்லவில்லை. யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீலேகா திரும்பி ராமபத்ரனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா என்று கூப்பிடுகிற மனுஷரைத் தொட்டு உலுக்குவது இதுதான் முதல் தடவை.

"மாமா, உங்க வாயால ஒரு வார்த்தை. அந்த ரூம் உன்னோடதுதான், நீ உள்ளதைச் சொல்லுன்னு சொல்லுங்கோ. அது போதும். உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

ஆறுமுகசாமியும் பேனாவை நிறுத்தினார். "சார், செக்ரட்டரி வேற மாதிரி எழுதியிருக்காங்க. போர்ட நீங்க கழட்டினீங்களா?"

ராமபத்ரன் ஜன்னலைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு வீட்டில ஒரே பஹளம், கூட்டம். கழட்டினேனா இல்லையா, நேக்கு சரியா ஓர்மை இல்லை" என்றார்.

ஆறுமுகசாமி அதையும் எழுதிக்கொண்டார். அவர் வேலை கேட்டதை எழுதுவது. கத்தரீனாள் சொன்னதை அவளுக்கு நிதானமாகப் படித்துக்காட்டி, "இதுதானுங்களா? மாத்தணும்னா இப்பவே மாத்தலாமுங்க" என்றார். ஸ்ரீலேகா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டி அழுதாள். கத்தரீனாள் அவளைப் பார்க்கவில்லை.

பேனாவை வாங்கி, மார்மேல் அட்டையை வைத்து, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கற்றபடி ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துத் தாளை ராமபத்ரன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"சரியா எழுதியிருக்கேனா சார்?"