பார்க்க மட்டும்

"நான் எழுதின புரோகிராமுக்கு எனக்கே பூட்டா?" நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையே அதிர இசபெல்லா கத்தினாள். சோதனைக் கணக்கில் அவள் எதையும் மாற்றலாம், அழிக்கலாம். நிஜச் சம்பளக் கணக்கை மட்டும் இனிப் பார்க்கத்தான் முடியும். பொறுப்பாளர் வேலுமணி நேற்று அப்படிச் செய்துவிட்டார்.

"சோதிச்சுப் பார்த்துக் குடுங்க, நிஜக் கணக்குல நானே ஏத்தறேனுங்க" என்றார் அவர்.

"அப்போ என்னைத் திருடின்னு நினைச்சீங்களா?"

ஆத்திரத்தோடு டெர்மினல் முன் உட்கார்ந்தாள். பழைய சோதனைப் பதிவுகளை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டிக்காட்ட நினைத்துக் கட்டளையைத் தட்டினாள்.

அனுமதியில்லை என்றது திரை.

"சோதனையையும் பூட்டிட்டீங்களா!" என்று எகிறினாள்.

வேலுமணி திரையின் மேல்மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"இது நிஜக் கணக்குங்க. காலையில நீங்கதான் பார்க்கத் திறந்து வெச்சீங்க."